மறு: நாவலில் வரும் 'நான்' ஆசிரியர்தானா?

"கதைசொல்லிக்கும் ஆசிரியருக்கும் ஒரே பெயர். பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர் சந்திப்பில் 'ஆசிரியர் தன் அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டார்' என்று பேசலாமா?"

வேண்டாம். 'கதைசொல்லி விட்டுவிட்டான்' என்று பேசுங்கள். நாவலை வைத்து உறுதியாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான்.

உங்களைக் குழப்புவது அந்தப் பெயராகத்தான் இருக்கும். அட்டையிலும் உள்ளேயும் ஒரே பெயர் இருந்தால் தன்வரலாறாகவே வாசிப்போம் என்று 1975-இல் பிரெஞ்சு இலக்கிய ஆய்வாளர் பிலிப் லெஜூன் விளக்கினார். சரி, ஒரே பெயரோடு 'நாவல்' என்றும் போட்டிருந்தால்? பெயரையும் நூல்வகையையும் வைத்து அவர் போட்ட அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. 1977-இல் பிரெஞ்சு எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி வேண்டுமென்றே அதை நிரப்பும் நாவலை எழுதி, ஆட்டோஃபிக்‌ஷன் என்று பெயர் வைத்தார். உண்மை என்ற வாக்கும் கற்பனைக்கான உரிமையும் அதில் சேர்ந்தே வருகின்றன.

முதியோர் இல்லக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். மகன் கிளம்பிய பிறகு அம்மா தாதியிடம் பேசியது வார்த்தைக்கு வார்த்தை வருகிறதா? மகன் கேட்டிருக்க முடியாத பேச்சு அது. அங்கே புனைவு புகுந்திருக்கிறது.

இந்தச் சோதனை புனைவைத்தான் காட்டும், உண்மையை நிரூபிக்காது. பினாங்குத் தெருப் பெயர் சரியாக இருப்பதால் சம்பவம் நடந்ததாக ஆகாது. ஆசிரியரே பேட்டியில் ஒப்புக்கொண்டிருந்தால் பேட்டியைச் சொல்லிப் பேசலாம், அதில் உள்ள அளவுக்கு மட்டும்.