புள்ளி கடலுக்குள் நிற்கிறது, போன் எங்கே?

கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு ஓட்டோவில் வீடு வந்தபோது போனை சீற்றிலேயே விட்டுவிட்டேன். ஓட்டோ நம்பர் தெரியாது. தொலைந்த போனைத் தேடும் கூகுளின் Find Hub-இல் பார்த்தால் உவர்மலையில் ஒரு வீட்டுக் கூரையின்மேல் புள்ளி நிற்கிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டலாமா? – மனையாவெளி வாசகி

தட்ட வேண்டாம், தங்கச்சி. நீங்கள் அனுப்பிய படத்தை இன்னொரு முறை பாருங்கள். புள்ளியைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் இருக்கிறதல்லவா? வரைபடம் உண்மையில் சொல்லும் பதில் அந்த வட்டம்தான். புள்ளி வெறுமனே அதன் நடு.

படத்தின் மூலையிலுள்ள அளவுகோடு 50 மீற்றர் காட்டுகிறது. வட்டத்தின் ஆரை அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 75 மீற்றர். பரப்பைக் கணக்கிட்டால் 17,700 சதுர மீற்றர் வரும். நம்முடைய கணக்கில் 700 பேர்ச். வீட்டுக்கு 20 பேர்ச் காணி என்று வைத்து, வீதிகளைக் கழித்தாலும், முப்பது வீடுகளுக்குக் கிட்ட அந்த வட்டத்துக்குள் அடங்கும். நீங்கள் தட்டப்போவது அதில் ஒன்றை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்ட்ரொயிட் போன் தன் இடத்தைக் கணிக்கும்போது போடும் இந்த வட்டத்துக்கு உள்ளே போன் இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம் என்பதுதான் அதன் வரையறை. மூன்றில் ஒரு தடவை போன் வட்டத்துக்கு வெளியேதான் இருக்கும். இது பிழையல்ல, அந்தக் கணிப்பின் இயல்பே அப்படி.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் புள்ளி பக்கத்து வளவுக்கு மாறியிருக்கிறது. "ஆள் நடமாடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் போன் அசைந்திருக்காது. வீட்டுக்குள் இருக்கும் போனுக்கு வானம் தெரியாது. செய்மதி சிக்னல் சரியாகக் கிடைக்காதபோது, அக்கம்பக்கத்து வைஃபைகளைக் கேட்டுத்தான் அது தன் இடத்தைக் கணிக்கும். ஒரு தடவை நாலு ரவுட்டர் கேட்கும், அடுத்த தடவை ஆறு கேட்கும். விடை அதற்கேற்ப மாறும். இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அதை அசைவாக எடுக்கக்கூடாது. விலகி வெகுதூரம் போனால்தான் அசைவு.

உங்கள் விஷயத்தில் அந்த அசைவுதான் உதவும். ஓட்டோவுக்குள்ளேயே போன் கிடந்தால் இரவு முழுக்க ஓரிடத்தில் நிற்கும் புள்ளி, விடிந்ததும் வீதிக்கு இறங்கும். பஸ் நிலையத்தடிக்கோ கோட்டை வாசலுக்கோ வந்து நிற்கும். திறந்த வெளியில் வட்டமும் சிறுக்கும். அந்த நேரம் அங்கே போய், அருகில் நின்று "Play sound" கொடுங்கள். சத்தத்தை அணைத்து வைத்திருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அடிக்கும். வீட்டு வாசலில் நின்று தர்க்கப்படுவதைவிட, நாலு பேர் நிற்கும் ஓட்டோத் தரிப்பிடத்தில் சீற்றுக்கு அடியில் போன் கத்துவது எல்லோருக்கும் மரியாதை. அதற்கு முன் பூட்டிய திரையில் தம்பியின் நம்பரையும் ஒரு வரிச் செய்தியையும் போட்டுவிடுங்கள். சாரதி நல்ல மனிதராக இருந்தால் அவரே கோல் எடுப்பார்.

களவுதான் என்று சந்தேகம் வந்தால் பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டு அவர்களோடு போங்கள். வட்டத்தைக் காட்டுங்கள், வீட்டைக் காட்டாதீர்கள்.

திருகோணமலையிலிருந்து கிண்ணியா வழியாக மூதூர் வரும் பஸ்ஸில் போன் தொலைந்தது. வரைபடத்தில் கொட்டியாரக் குடாவின் நடுவில் காட்டுகிறது. கடலில் எறிந்துவிட்டார்களா? – மூதூர் வாசகர்

எறிந்திருந்தால் அது அங்கே காட்டவே காட்டாது. கடல்நீருக்குள் மூழ்கிய போனுக்குச் செய்மதியும் எட்டாது, டவரும் எட்டாது. மூழ்குவதற்கு முன் கடைசியாகப் பேசிய இடமும் நேரமும் அப்படியே நின்றுபோயிருக்கும்.

உங்கள் போன் பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ இருக்கிறது, பக்கத்தில் வைஃபையும் இல்லை. அந்நேரம் அதற்குத் தெரிவது டவர் மட்டுமே. குடாவின் மூன்று பக்கமும் கரை. நீருக்கு மேலால் சிக்னல் தடையில்லாமல் வெகுதூரம் ஓடும், அதனால் எதிர்க்கரை டவரும் கேட்கும். இப்படிப் போடும் வட்டம் கிலோமீற்றர் கணக்கில் விரியும். அதன் நடு தண்ணீரில் விழுந்தால் புள்ளியும் தண்ணீரில் நிற்கும். கணக்குப் போடும் இயந்திரத்துக்குக் கடலும் கரையும் ஒன்றுதான்.

வரைபடத்தைச் சுருக்கி, வட்டம் முழுவதும் தெரியும்படி பாருங்கள். விளிம்பு எந்தக் கரையை, எந்த வீதியைத் தொடுகிறது? கிண்ணியா–மூதூர் வீதி அதற்குள் வந்தால் போன் இன்னும் பஸ் போகும் பாதையில் இருக்கலாம். அதற்குமேல் அந்தப் புள்ளியிடம் எதையும் கேட்க முடியாது. கண்டக்டரைத் தேடிப் பிடிப்பதுதான் குறுக்குவழி.

"நேற்று மாலை 5.10, கந்தளாய்" என்று காட்டுகிறது. இன்று அங்கே போனால் கிடைக்குமா? – அலஸ்தோட்டம்

அது போன் இருக்கும் இடமல்ல, கடைசியாகப் பேசிய இடம். கொழும்பு பஸ் கந்தளாயால்தான் போகும். 5.10க்கு அங்கே நின்ற பஸ், இரவுக்குள் எங்கேயோ போய்விடும்.

பக்கத்தில் பற்றரி அளவு தெரிந்தால் பாருங்கள். 5 சதவீதமாக இருந்திருந்தால் சார்ஜ் இறங்கி நின்றிருக்கும். கண்டெடுத்தவர் சார்ஜ் போட்டால் மறுபடி பேசும், காத்திருக்கலாம். 60க்கு மேல் இருந்தும் சட்டென்று நின்றிருந்தால் யாரோ அணைத்திருக்கலாம், சிம்மைக் கழற்றியிருக்கலாம், அல்லது சிக்னல் இல்லாத துண்டு வீதியில் போயிருக்கலாம். இந்த மூன்றையும் வரைபடத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

டேட்டா இல்லாத போனின் புளூடூத்தை, அருகில் போகும் பிறர் போன்கள் கேட்டுச் சொல்வதும் உண்டு. அப்போது காட்டப்படும் இடம் கேட்டவரின் போன் நின்ற இடம். அன்ட்ரொயிட்டில் இது வழக்கமான அமைப்பிலேயே விடப்பட்டிருந்தால் சனம் கூடும் இடங்களில்தான் வேலை செய்யும், ஏனெனில் ஒன்றுக்கு மேற்பட்ட போன்கள் கேட்டால்தான் இடத்தைச் சொல்லும். சந்தையில் எதிர்பார்க்கலாம். ஆளில்லாத காட்டு வீதியில் வேண்டாம்.

போன் உப்புவெளி வீட்டில், என் கையிலேயே இருக்கிறது. வரைபடம் கண்டி என்கிறது!

ரவுட்டர் கண்டியிலிருந்து கொண்டுவந்ததா? அப்படியானால் மர்மம் இல்லை. எந்த ரவுட்டர் எங்கே என்ற பட்டியலில் அது இன்னும் கண்டியில்தான் இருக்கிறது. வீட்டைச் சுற்றி வேறு வைஃபை இல்லாவிட்டால் போன் அதையே நம்பும். முற்றத்தில் நின்று லொக்கேஷனைப் போட்டு வரைபடத்தைத் திறந்தால் போனுக்கு உடனே சரியாகும், பட்டியல் திருந்தக் கொஞ்சக் காலம் எடுக்கும். தொலைந்த போன் திடீரென்று நூறு கிலோமீற்றர் தாண்டிக் குதித்தாலும் முதலில் இதை நினையுங்கள்.

சிம்மை உடனே நிறுத்தவா, போனை அழிக்கவா? – நிலாவெளி

சிம்மை நிறுத்தினால் டேட்டாவும் போகும். வைஃபை கிடைத்தால் ஒழியப் புள்ளி அசையாது. ஆனாலும் வங்கியின் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வருகிறதென்றால் வரைபடத்துக்காகக் காத்திருக்காதீர்கள், நிறுத்திவிட்டு அதே நம்பருக்குப் புதுச் சிம் எடுங்கள். திரையைத் தூரத்திலிருந்து பூட்டுவதை மட்டும் அதற்கு முன் செய்துவிடுங்கள், டேட்டா போனபின் அந்தக் கட்டளை போய்ச் சேராது.

அழிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். அன்ட்ரொயிட் போனை அழித்த பிறகு Find Hub அதைக் காட்டாது. ஐபோனில் iOS 15 முதல் அழித்த பின்னும் தேட வழி இருக்கிறது. போன் வாங்கிய பெட்டியில் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும், முறைப்பாட்டில் அதைக் கொடுங்கள். பெட்டியை எறிந்துவிட்டவர்கள் கையில் இருக்கும் போனில் இப்போதே `*#06#` அடித்து எண்ணை எழுதி வையுங்கள்.