பாஸ்வேர்டு செயலியை மாற்றும்போது எது கூட வரும், எது வராது?

கேள்வி: மூன்று வருடமாக 1பாஸ்வேர்டுக்குச் சந்தா கட்டுகிறேன். அடுத்த மாதம் புதுப்பிக்கும் தேதி. இனி இலவச பிட்வார்டனே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இன்றே ரத்து செய்தால் உள்ளே இருக்கிற இருநூறு சொச்சம் லாகின்கள் என்ன ஆகும்? வங்கிக் கணக்கு, பி.எஃப். எல்லாம் பூட்டிக்கொள்ளுமா? முதலில் எதை எடுத்து வைக்கணும்?
— வாசகர், மதுரை

பதில்: எதுவும் பூட்டிக்கொள்ளாது. உங்கள் வங்கியின் பாஸ்வேர்டு வங்கியிடம் இருக்கிறது. செயலி வைத்திருப்பது நீங்கள் எழுதி வைத்த பிரதி. டைரியைத் தூக்கிப் போட்டால் அதில் குறித்திருந்த போன் எண்கள் ரத்தாகிவிடுமா என்ன? ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: அந்த இருநூறில் பாதி, செயலியே உருவாக்கிய இருபது எழுத்துப் பாஸ்வேர்டுகளாக இருக்கும். அவற்றை நீங்கள் ஒருமுறைகூடப் படித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரதி போனால் இருநூறு இடத்தில் 'Forgot password' அழுத்த வேண்டியதுதான்.

சந்தாவை நிறுத்துவதும் கணக்கை அழிப்பதும் வேறு வேறு என்பதை முதலில் மனதில் வையுங்கள். 1பாஸ்வேர்டில் சந்தா தீர்ந்தால் கணக்கு உறைந்துவிடும். உள்ளே போய்ப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். புதிதாகச் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. கணக்கை அழித்தால் அப்படியில்லை. அது போனது போனதுதான். ஆகவே இந்த மாதம் புதுப்பித்தலை நிறுத்துங்கள். அழிக்கும் பொத்தான் பக்கம் இரண்டு மாதத்துக்குப் போகாதீர்கள். ஐபோன் அல்லது பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா சேர்ந்திருந்தால் அங்கேதான் நிறுத்த வேண்டும்; செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது.

எக்ஸ்போர்ட் கோப்பை போனில் எடுக்க முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஏதாவது ஒன்றில் டெஸ்க்டாப் செயலி வேண்டும். மெனுவில் Export, பிறகு கணக்கின் பெயர், பாஸ்வேர்டு. அதன்பின் 1PUX, CSV என்று இரண்டு வடிவம் கேட்கும். பெயர் தெரிந்தது என்பதற்காகப் பலரும் CSV எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அதன் முதல் வரி இப்படி இருக்கும்:

```
Title,Url,Username,Password,OTPAuth,Favorite,Archived,Tags,Notes
EB Bill,https://example.com,user61,00471982,,false,false,,
```

இந்த ஒன்பது பத்திக்குள் அடங்குவது லாகின் மட்டும்தான். கிரெடிட் கார்டு, பாஸ்போர்ட் விவரம், நீங்கள் ஏற்றி வைத்த பான் கார்டு ஸ்கேன் எதுவும் இதில் வராது. இன்னொரு சங்கடம்: பலர் இந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து 'சும்மா ஒரு பார்வை' பார்த்துவிட்டு சேமிக்கிறார்கள். மேலே உள்ள 00471982 உடனே 471982 ஆகிவிடும். மின்கட்டண தளம் 'தவறான பாஸ்வேர்டு' என்று சொல்லும்போது காரணம் யாருக்கும் பிடிபடாது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் நோட்பேடில் பாருங்கள்.

நீங்கள் எடுக்க வேண்டியது 1PUX. இது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. ஏற்றி வைத்த ஆவணங்கள் உள்ளே `files` என்ற ஃபோல்டரில் இருக்கும். பிட்வார்டனின் வலைத்தளத்தில் Tools → Import data போய், வடிவமாக `1Password (1pux/json)` தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஒரே தடவைதான். சரியாக ஏறவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடி கொடுத்தால், பிட்வார்டன் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்காது, இருநூறு நானூறாகிவிடும்.

கூட வராதவை மூன்று. ஆவணங்கள்: பிட்வார்டனில் கோப்பு இணைப்பதற்குக் காசு கட்ட வேண்டும், இலவசத்தில் இடமில்லை. `files` ஃபோல்டரிலிருந்து அவற்றை எடுத்து வேறு பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். அடுத்து, முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க ஓ.டி.பி. அதற்கான ரகசியச் சாவி பிட்வார்டனுக்குள் வந்துவிடும், ஆனால் இலவசக் கணக்கு எண்ணைக் காட்டாது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்: சாவி இருப்பதைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி விடுகிறார்கள். பிட்வார்டனே தரும் தனி ஆத்தென்டிகேட்டர் செயலியிலோ, நீங்கள் வைத்திருக்கும் வேறு ஆத்தென்டிகேட்டரிலோ அந்தச் சாவியைப் போட்டு, பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று அருகருகே வைத்துப் பாருங்கள். காட்டினால் வேலை முடிந்தது.

மூன்றாவது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டு அடிக்காமலே ஒரு தளத்தில் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி. எக்ஸ்போர்ட் கோப்பில் அது வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பாஸ்கீ வைத்த ஒவ்வொரு தளத்திலும், பழையது வேலை செய்யும்போதே உள்ளே போய், புதிய செயலியில் இன்னொரு பாஸ்கீ உருவாக்கி, அதை வைத்து ஒருமுறை நுழைந்து பார்த்தபின் பழையதை நீக்குங்கள். பொதுவாக நான்கைந்து தளத்துக்கு மேல் இருக்காது.

ஏறியது சரியா என்று பார்க்க எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். வங்கி, மின்னஞ்சல், வருமான வரி, சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றிய ஏதாவது ஒன்று, வினோதக் குறிகள் நிறைந்த பாஸ்வேர்டு ஒன்று: இந்த ஐந்திலும் லாக்அவுட் செய்து, பிட்வார்டனை வைத்தே மறுபடி நுழையுங்கள். முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாவற்றையும் மீட்டுத் தருவது அதுதான்.

இது முடிந்ததும் அன்றே 1PUX கோப்பை அழித்துவிடுங்கள். அதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. கையில் கிடைத்தவர் திறந்து படிக்கலாம். ஒன்டிரைவில் சேரும் டெஸ்க்டாப்பில் சேமித்திருந்தால், நீக்கிய பிறகும் அங்குள்ள குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள். கையில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று தோன்றினால், பிட்வார்டனிலிருந்தே `.json (Encrypted)` எடுங்கள். அதில் Account restricted, Password protected என்று இரண்டு கேட்கும். முதலாவது அதே கணக்கில் மட்டுமே திறக்கும், கணக்கு போனால் கோப்பும் வீண். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, அதன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

1பாஸ்வேர்டின் Emergency Kit தாளைக் கிழித்துவிடாதீர்கள். அதில் இருக்கும் Secret Key இல்லாமல் புதிய கணினியில் அந்தக் கணக்கில் நுழைய முடியாது. எல்லாக் கருவியிலிருந்தும் செயலியை நீக்கிவிட்டுத் தாளையும் தொலைத்துவிட்டால், உறைந்த கணக்கு இருந்தும் பயனில்லை.

பிறகு போன் செட்டிங்ஸில் ஆட்டோஃபில் இடத்தில் இன்னும் பழைய செயலியின் பெயர்தான் இருக்கும், பிட்வார்டனுக்கு மாற்றுங்கள். கணினி பிரவுசரில் பழைய எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள், குரோமின் சொந்தப் பாஸ்வேர்டு சேமிப்பையும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ரயில் டிக்கெட் தளத்தில் பாஸ்வேர்டு மாற்றும்போது புதியது ஓரிடத்திலும் பழையது இன்னோரிடத்திலுமாகக் கிடக்கும்.