ஃபவுண்டரியில் யாருக்கு எந்தச் சம்பளப் படி? – கேள்வி பதில்

ஹெச்.ஆர். உதவியாளர், கோவை: எங்களுடையது பம்ப் ஃபவுண்டரி. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முதலாளி முன்னாடியே முடிவு பண்ணிட்டார். அதுக்கு ஏத்த மாதிரி பதவி மதிப்பீட்டுக் குறிப்பு எழுதச் சொல்றார். எப்படி ஆரம்பிக்கிறது சார்?

பதில்: அப்படி எழுதினால் சங்கத்துக்காரர் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். எல்லாப் பதவிக்கும் 1 முதல் 5 வரை முழு நிலைகள் இருக்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் ‘மூன்றரை’ என்று ஒன்று முளைத்திருக்கும். அந்த வரி போதும், மொத்தக் குறிப்பும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஒவ்வொரு பதவிக்கும் புள்ளி போட்டு, கூட்டி வரும் மொத்தத்தை வைத்துச் சம்பளப் படியை முடிவு செய்வதுதான் முறை. சம்பளப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே எதற்கு எத்தனை புள்ளி என்று மொத்தப் புள்ளியைப் பிரித்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 500: திறமை 225, பொறுப்பு 200, வேலைச் சூழல் 75. ஒவ்வொன்றையும் ஐந்து சம நிலையாகப் பிரித்தால் திறமையில் ஒரு நிலைக்கு 45, பொறுப்பில் 40, சூழலில் 15. மதிப்பெண் போடும் குழுவில் ஷாப் ஃப்ளோர் ஆள் ஒருவராவது இருக்கட்டும்.

இப்போது இரண்டு பதவி. உலை ஆபரேட்டர்: திறமை 3 (135), பொறுப்பு 3 (120), சூழல் 5 (75), கூட்டினால் 330. ஸ்டோர் கீப்பர்: திறமை 3 (135), பொறுப்பு 4 (160), சூழல் 1 (15), மொத்தம் 310. மூன்றாம் படி 251 முதல் 320 வரை, நான்காம் படி 321 முதல் 390 வரை என்றால் இருவரும் வேறு வேறு படி. ‘ஏன்?’ என்று ஸ்டோர் கீப்பர் கேட்டால், உங்கள் பதில் சூழலுக்கான 75-இல் இருக்கிறது. அதனால் ‘மிகக் கடுமையான சூடு’ என்று எழுதாதீர்கள். ‘ஷிப்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் உலை வாய்க்கு எதிரே’ என்று அளந்து எழுதுங்கள்.

கணக்குப் பிரிவு, ஓசூர்: சூடு, தூசிக்கு நாங்க தனியா அலவன்ஸ் கொடுக்கிறோம். அப்ப சூழலுக்குப் புள்ளியே வேண்டாம், சரிதானே?

பதில்: பாதி சரி. ஒரே சூட்டுக்குப் புள்ளியும் அலவன்ஸும் கொடுத்தால் இரண்டு முறை கொடுத்ததாகும். ஆனால் மேலே உள்ள கணக்கில் சூழலை எடுத்துப் பாருங்கள்: உலை ஆபரேட்டர் 255, ஸ்டோர் கீப்பர் 295. வரிசையே தலைகீழாகிவிட்டது. ஆள் மாறி மாறி நிற்கும் இடத்துக்கு அலவன்ஸ் போதும். அந்தப் பதவியோடேயே ஒட்டியிருக்கும் சூடு என்றால் புள்ளியில் வைப்பதே நல்லது.

உலை ஆபரேட்டர்: 18 வருஷமா உலை முன்னாடி நிக்கிறேன். நேத்து வந்த பையனுக்கும் எனக்கும் ஒரே 330-ஆ?

பதில்: ஆமாங்க, ஒரே 330. புள்ளி நாற்காலிக்கு, உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. உங்கள் 18 வருஷம் அந்தப் படிக்குள்ளேயே அடிமட்டத்திலிருந்து உச்சம் வரை இன்க்ரிமென்ட்டாக ஏறியிருக்க வேண்டும். உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டீர்கள் என்றால் அது பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் மதிப்பீட்டுக் குறிப்பால் அதைத் தீர்க்க முடியாது.

மேற்பார்வையாளர்: வார்ப்பு அச்சுக்குள்ள வைக்கிற மணல் கோர் செய்யும் பெண்களுக்கு 215 வருது, இரண்டாம் படி. ஐ.டி.ஐ. படிக்கலையே, அதனால சரின்னு விட்டுடலாமா?

பதில்: விடாதீர்கள். திறமை 2 (90), பொறுப்பு 2 (80), சூழல் 3 (45) என்று போட்டிருப்பீர்கள். தப்பு அந்தப் பெண்களிடம் இல்லை, அளவுகோலில். சான்றிதழ் இருந்தால்தான் திறமை என்று எழுதினால் விரல் வேலைக்கு இடமே இல்லை. மெல்லிய கோரை விரிசல் இல்லாமல் பெட்டியிலிருந்து எடுப்பது, மணலை ஒட்டவைக்க எவ்வளவு பைண்டர் போதும் என்று கையாலேயே உணர்வது, இதற்கு எத்தனை மாதப் பழக்கம் தேவை என்று எழுதுங்கள். திறமை 3 ஆனால் 260, மூன்றாம் படி.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் ஒத்த வேலை எது என்பதைத் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு, வேலைச் சூழல் இவற்றை வைத்தே பார்க்கிறது. பெண் ஸ்டெனோகிராஃபர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் (1987), சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் இருக்கிறது என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. சங்கம் கையெழுத்துப் போட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

மெஷின் ஷாப் மேலாளர்: சி.என்.சி. புரோகிராமர் புள்ளிப்படி மூன்றாம் படி. அந்தச் சம்பளத்துக்கு ஆளே வரமாட்டேங்குறான். நான்காம் படியில போட்டுடவா?

பதில்: புள்ளியைத் தொடாதீர்கள். அதைத் திருத்தினால் அடுத்த வாரம் ஸ்டோர் கீப்பர் வந்து நிற்பார். சந்தை நிலவரத்துக்காகத் தனித் தொகை என்று வெளிப்படையாகக் காட்டி, தேதி போட்டு, வருஷா வருஷம் மறுபரிசீலனை என்று எழுதிவிடுங்கள்.

ஹெச்.ஆர். உதவியாளர், கோவை: அப்படிக் கொடுத்த தொகையை எந்த முதலாளி அப்புறம் திரும்ப எடுத்திருக்கிறார் சார்?

பதில்: நியாயமான கேள்வி. எடுத்தால் ஆள் போய்விடுவார், விட்டால் அதுவே மறைமுகப் படியாகிவிடும். புதிதாக வருபவருக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்பார்கள். பக்கத்து மெஷினில் நிற்பவர் அதை ஒத்துக்கொள்வாரா என்பது வேறு.