கசக்குதே, அப்போ சீனி இருக்காதுதானே?

கேள்வி: அப்பாவுக்கு நீரிழிவு, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. கோலாவை நிறுத்திவிட்டு டானிக் வாட்டர் வாங்கித் தருகிறேன். கசப்பாக இருக்கிறது, கால் பிடிப்புக்கும் நல்லதாமே? சோடாவில் உப்பு இருக்கிறது என்று அதை வாங்குவதில்லை. சரிதானா? – ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தலைகீழாக வாங்குகிறீர்கள், அம்மா. அந்தக் கசப்பு குவினைன் என்ற மருந்துப் பொருளுடையது. அதை மறைக்கத்தான் சீனி சேர்க்கிறார்கள். வழக்கமான டானிக்கில் 100 மில்லிக்கு 8 கிராம் வரை சீனி இருக்கும். 325 மில்லி டின் ஒன்றைக் குடித்தால் 26 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். கோலாவை விட்டதில் பெரிய லாபம் இல்லை.

2019 ஜூலையிலிருந்து நம் நாட்டில் 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டும் கேஸ் பானங்களுக்கு வரி உண்டு. அதனால் 5 கிராமுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பானங்களும் கடையில் கிடைக்கும். அப்படிப்பட்ட டின்னிலும் சுமார் 16 கிராம் சீனி இருக்கும். ஆகவே 100 மில்லிக் கணக்கைப் பார்த்ததும் நிறுத்தாமல், டின் அளவால் பெருக்கிப் பாருங்கள்.

கால் பிடிப்புக் கதையை விட்டுவிடுங்கள். லேபிளில் குவினைன் இருப்பதைச் சொல்வார்கள், எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் உச்சவரம்பு லிட்டருக்கு 83 மில்லிகிராம். அந்த உச்சத்திலேயே ஒரு டின்னில் 27 மில்லிகிராம்தான். கால் பிடிப்புக்கு ஆராய்ந்து பார்த்த அளவோ தினம் 200 முதல் 300 மில்லிகிராம். அதைத் தொட எட்டு டின்னாவது வேண்டும்! குவினைன் மாத்திரையையே கால் பிடிப்புக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஒவ்வாமை உள்ள சிலருக்கு, அரிதாக, டானிக்கே போதும். அப்பா வார்ஃபரின் அல்லது இதயத் துடிப்புக்கான மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், டானிக் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சோடாவில் சீனி கிடையாது. உப்புச் சுவைக்குக் காரணம் சோடியம் பைகார்பனேட். சோடியத்தின் அளவுக்கு மலாய் லேபிளில் 'நாட்ரியம்' என்று தேடுங்கள். 100 மில்லிக்கு 25 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், டின்னுக்குச் சுமார் 80. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு டின் சோடாவைவிட அப்பா சாப்பிடும் மீ கோரெங்கைத்தான் நான் கவனிப்பேன். மருத்துவர் உப்பைக் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லியிருந்தால், பைகார்பனேட் சேர்க்காத வெறும் கேஸ் தண்ணீர் வாங்குங்கள்.

எலுமிச்சை, பீச் வாசனை போட்ட கேஸ் தண்ணீரை முன்பக்கப் படத்தை நம்பி எடுக்காதீர்கள். பொருட்பட்டியலில் தண்ணீர், கேஸ், வாசனைப் பொருள் மட்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சீனியோ பழச்சாறு அடர்கரைசலோ இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தால் அது சாதாரணக் குளிர்பானம்தான்.

சோடாவில் அரை லீமாவ் பிழிந்து கொடுத்துப் பாருங்கள். கசப்பு இல்லையே என்று அப்பா கேட்டால், தோலையும் கொஞ்சம் சீவிப் போடலாம்.