4183: இரண்டு படி முன்னால் நின்றுவிட்டீர்கள்

"4183-ஐ இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதப் பார்க்கிறேன். 65-இன் வர்க்கத்தில் கழித்தால் 42, 66-இல் 173. இரண்டும் வர்க்கமில்லை. அப்படியானால் இது பகா எண்தானா? (கோபிசெட்டிபாளையம்)"

இல்லை தம்பி, இன்னும் இரண்டு படி போங்கள். 67-இல் 306 வரும். 17-இன் வர்க்கம் 289, 18-இன் வர்க்கம் 324, ஆகவே அதுவும் இல்லை. 68-இல் 4624 − 4183 = 441, அதாவது 21-இன் வர்க்கம். எனவே 4183 = (68 − 21)(68 + 21) = 47 × 89.

முதல் சில படிகளில் கிடைக்காவிட்டால் பகா எண் என்று முடிவு கட்டுவதுதான் சிக்கல். திருப்பூரில் என் மாலை வகுப்புப் பிள்ளைகளும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். உண்மையில் N என்ற எண் பகா எண் என்றால் (N + 1)/2-க்கு முந்தைய எண் வரை, அதாவது இங்கே 2091 வரை, எதுவுமே கிடைக்காது.

உழைப்பைப் பாதியாக்க ஒரு வழி உண்டு. எண்ணை 4-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 3 என்றால் பெரிய வர்க்கத்தின் எண் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். மீதி 1 என்றால் ஒற்றைப்படை. 4183-க்கு மீதி 3. ஆகவே 65-ஐயும் 67-ஐயும் தொடவே வேண்டியதில்லை.

ஆனால் காரணிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருந்தால் இந்த முறை இழுத்தடிக்கும். 3027 = 3 × 1009. இதற்கு 56-இல் தொடங்கி 506 வரை போக வேண்டும். அதனால் 3, 5, 7, 11 போன்ற சிறிய எண்களால் முதலில் வகுத்துப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.