ஆங்கில நோட்டீசில் எதற்குப் பெரிய எழுத்து?

"தேவனாம்பட்டினம் மாசி மகம் நோட்டீஸை ஆங்கிலத்தில் அடிக்கிறேன், மாதம், கிழமை, சம்மர், ஃபெஸ்டிவல், எதற்குப் பெரிய எழுத்து?"

மாதத்துக்கும் கிழமைக்கும் திருவிழாவின் பெயருக்கும் வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்து வரும், பருவத்துக்கு வராது.

```
The Masi Magam festival is on
a Sunday in March, before summer.
```

இதில் மாசி, மகம் என்ற இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. பின்னால் வரும் ஃபெஸ்டிவல் எந்த விழாவுக்கும் பொதுவான சொல் என்பதால் சிறிய எழுத்திலேயே நிற்கிறது. நோட்டீசுகளில் எளிதில் தவறக்கூடிய இடம் இது.

நீங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவராக இருந்தால் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம், ஏனெனில் அந்த மொழியில் மாதத்தையும் கிழமையையும் சிறிய எழுத்தில்தான் எழுதுவார்கள்.

சந்தேகம் வந்தால், அச்சொல் ஒன்றுக்கே உரிய பெயரா, பலவற்றுக்கும் பொருந்தும் வகைச்சொல்லா என்று பாருங்கள். பருவங்கள் மட்டும் இந்தச் சோதனைக்குச் சரியாகப் பிடிபடாது. அவற்றை வழக்கமாகவே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் பருவச்சொல் ஒரு நிகழ்ச்சியின் பெயருக்குள் புகுந்துவிட்டால், உங்கள் பள்ளி நடத்தும் சம்மர் கேம்ப் போல, அதற்கும் பெரிய எழுத்து வேண்டும். வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தாலும் அப்படியே.