கையால் வரைந்த வழிப்படத்தை எழுத்தாக்குவது

கேள்வி: மாமா பேப்பரில் பேனாவால் வரைந்து கொடுத்த வழியை, புதுமனை புகுவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் எழுத்தில் அனுப்பணும். குழப்பம் வராமல் எப்படி எழுதுவது?

எழுத உட்காருவதற்கு முன்னால் மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: "இதை எங்கேயிருந்து வரைய ஆரம்பிச்சீங்க?" பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டிலிருந்துதான் கோடு போடத் தொடங்குவார்கள். தினமும் வீட்டிலிருந்து டவுனுக்குப் போகிற ஞாபகத்தில் இடது, வலது எழுதுவார்கள். விருந்தாளி எதிர்த்திசையில் வருகிறார் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

நான் இதில் அடிபட்டவன். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். என் சித்தப்பா வரைந்த தாளில் டவுன் கீழே, மெயின் ரோடு மேலே போகிறது, பாதியில் வலப்பக்கம் கிராமச் சாலை பிரிகிறது. அந்த முனையில் "பிள்ளையார் கோயில், இடது" என்று எழுதியிருந்தார். வீட்டிலிருந்து வந்து டவுனுக்குத் திரும்ப அவருக்கு அது இடதுதான். நான் அப்படியே காப்பி அடித்து அனுப்பினேன். சமையல்காரர் வேன் இடது கைப் பக்கம் திரும்பி அடுத்த ஊருக்கே போய்விட்டது. காலை டிபன் பத்து மணிக்கு.

அதற்கப்புறம் நான் செய்வது இது. தாளைத் தரையில் வைத்து, வருகிறவர் கிளம்பும் இடத்தில் விரலை வைப்பேன். விரல் போகிற திசை எப்போதும் எனக்கு எதிரே மேல்நோக்கி இருக்கும்படி, ஒவ்வொரு திருப்பத்திலும் தாளையே சுற்றுவேன். அப்போது இடது இடதாகவே இருக்கும். சித்தப்பா படத்தில் கிராமச் சாலைக்குள் போனதும் கோடு மேலே ஏறுகிறது. தாளைச் சுற்றாமல் பார்த்தால் "நேரே போ" என்று தோன்றும். சுற்றினால்தான் அது இடப்பக்கத் திருப்பம் என்று தெரிகிறது.

அடுத்தது தூரம். கைப்படத்தில் அளவு பொய் சொல்லும். தெரிந்த தெருவைப் பெரிதாகவும், மெயின் ரோட்டைக் கட்டைவிரல் நீளத்திலும் வரைவார்கள். என் படத்தில் கட்டைவிரல் நீளம் ஆறு கிலோமீட்டர், உள்ளங்கை நீளம் நானூறு மீட்டர். பைக்கில் ஒரு தடவை போய் மீட்டரைக் குறித்து வந்தேன். "அஞ்சு நிமிஷம்" என்றெல்லாம் எழுதாதீர்கள், நடப்பவருக்கும் காருக்கும் அது ஒன்றில்லை.

அப்படிப் போனபோதுதான் அடையாளங்களின் லட்சணமும் தெரிந்தது. படத்தில் இருந்த வேப்பமரத்தை வெட்டி வருஷமாகிறது. பெட்டிக்கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பிள்ளையார் கோயில் அந்தச் சாலையில் இரண்டு. வண்டியில் வருகிறவர் கண்ணில் திருப்பத்துக்கு முன்பே படுவது எது என்று பார்த்தேன். தண்ணீர்த்தொட்டியும் ரைஸ் மில் புகைபோக்கியும் தூரத்திலேயே தெரிந்தன. மைல்கல்லும் உதவும்: மாநில நெடுஞ்சாலையில் கல்லின் தலை பச்சை, கிராமச் சாலைகளில் ஆரஞ்சு. திரும்பிய பிறகு ஆரஞ்சு கல்லைப் பார்த்தால் வருகிறவருக்கு ஒரு நிம்மதி. ஆனால் எல்லாக் கிராமச் சாலையிலும் கல் இருக்காது, உங்கள் சாலையில் நட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எழுதும்போது முதலில் கண்ணில் படுவது, பிறகு திருப்பம், பிறகு தாண்டிவிட்டால் தெரியும் அடையாளம். கடைசியாக நான் அனுப்பியது:

"டவுன் எல்லை ஆற்றுப் பாலம் இறங்கியதிலிருந்து 6 கி.மீ. நேரே வரவும். வலப்பக்கம் உயரமான ரைஸ் மில் புகைபோக்கி தெரியும். அதைத் தாண்டி, பச்சைக் கம்பிக் கேட் போட்ட பிள்ளையார் கோயிலில் வலது கைப் பக்கம் திரும்பவும். (ரயில்வே கேட் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், 1 கி.மீ. திரும்பி வரவும்.) உள்ளே ஆரஞ்சு மைல்கல் இருக்கும். 400 மீட்டரில் வாய்க்கால் மதகு. மதகு தாண்டியதும் இடப்பக்கத் தெரு. தண்ணீர்த்தொட்டிக்கு எதிரே மூன்றாவது வீடு."

கிழக்கு, மேற்கு எதுவும் போடவில்லை. ஊர்க்காரர் "மேலத்தெரு, கீழத்தெரு" என்று பேசுவார், ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு எது கிழக்கு என்று யார் சொல்வது?

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. அந்த ஊருக்கே போகாத ஒருவரிடம் எழுத்தை மட்டும் கொடுத்து, படம் வரையச் சொல்லுங்கள். அதை மாமா படத்தோடு ஒட்டிப் பாருங்கள். நான் என் அக்கா பெண்ணிடம் கொடுத்தேன். திருப்பமெல்லாம் சரி, வீட்டை மட்டும் தெருவின் தப்பான பக்கத்தில் வரைந்துவிட்டாள். தண்ணீர்த்தொட்டி எந்தப் பக்கம் என்று நான் எழுதவே இல்லையே. "தொட்டி வலப்பக்கம், வீடு இடப்பக்கம்" என்று சேர்த்துவிட்டு அனுப்பினேன்.